மாக் எண்ணைக் கி.மீ. வேகமாக மாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானி உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நேவிகேஷன் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் மாணவர்கள் கேட்பதும், விமானப் பயணம் முடித்து வந்த உறவினர்கள் தொலைபேசியில் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் பதிலைத் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரு மாக் என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. கிலோமீட்டர், மைல், நாட் போல மாக் ஓர் அலகு அன்று. அது ஒரு விகிதம். விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வேகத்தை, அதே இடத்தில் அதே காற்றில் ஒலி போகும் வேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் மாக் எண். மாக் 0.85 என்றால் அங்கே ஒலி போகும் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு. ஒலியின் வேகம் எங்கும் ஒன்றாக இருந்தால் ஒரே எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம். அது காற்றின் வெப்பநிலையோடு மாறுகிறது.

15 டிகிரி செல்சியஸில் ஒலி மணிக்கு 1,225 கி.மீ. போகிறது. பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரத்தில், மைனஸ் 56.5 டிகிரியில், அது 1,062 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. இரண்டுமே "ஒரு மாக்"தான். நடுவில் 163 கி.மீ. வித்தியாசம்.

இணையத்தில் அலகு மாற்றும் பக்கத்தில் 1 மாக் = 1,235 கி.மீ. என்று போட்டிருக்கிறதே? அது தவறா?

எண் தவறில்லை. அது 20 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள், அதை 3.6 ஆல் பெருக்கினால் 1,234.8 வரும். வேறு பக்கங்களில் 1,225 இருக்கும். அது 15 டிகிரிக்கு. சிலவற்றில் 1,062 இருக்கும். அது உயரத்துக் குளிர்காற்றுக்கு. மூன்றும் சரிதான், ஆனால் எந்த வெப்பநிலைக்கு என்று சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டுவது பெரிய குறை.

மிக்-21 போர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய விமானப்படை 2025 செப்டம்பரில் அதற்கு விடைகொடுத்தபோது அதன் வேகம் பற்றி என்னிடம் பலர் கேட்டார்கள். அதன் பிந்தைய வகையான பிஸ் விமானத்துக்கு உச்ச வேகமாகத் தரப்படுவது மாக் 2.05, மணிக்கு 2,175 கி.மீ. மாக் 2.05 ஐ 1,235 ஆல் பெருக்கினால் 2,532 வருகிறது. 2,175 ஐ 2.05 ஆல் வகுத்துப் பாருங்கள், 1,061 வரும். அந்த உச்ச வேகம் சுமார் 13 கி.மீ. உயரத்துக் குளிரில் எட்டப்படுவது. அறை வெப்பநிலையின் ஒலிவேகத்தால் அதைப் பெருக்கியவர், அந்த விமானம் ஒருநாளும் பறக்காத 350 கி.மீ.யைக் கூடச் சேர்த்துவிடுகிறார்.

வெப்பநிலைக்கும் ஒலிக்கும் என்ன சம்பந்தம்?

ஒலி என்பது காற்றின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துக் கைமாற்றிவிடும் ஓர் அழுத்தம். வீடு கட்டும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் எவ்வளவு சீக்கிரம் மறுமுனைக்குப் போகும் என்பது அவர்களின் கைவேகத்தைப் பொறுத்தது. காற்றில் அந்தக் கைவேகம் மூலக்கூறுகள் அங்குமிங்கும் ஓடும் வேகம். அந்த ஓட்டத்தின் அளவைத்தான் நாம் வெப்பநிலை என்கிறோம். காற்று சூடாக இருந்தால் மூலக்கூறுகள் வேகமாக ஓடுகின்றன, அழுத்தம் சீக்கிரம் கைமாறுகிறது. குளிர்ந்தால் எல்லாம் தளர்கின்றன.

ஆனால் வெப்பநிலை இரண்டு மடங்கானால் ஒலியும் இரண்டு மடங்காகாது. மூலக்கூறின் இயக்க ஆற்றல்தான் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கிறது; ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஒலியின் வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்குகிறது. தரையிலிருந்து 11 கி.மீ. உயரத்துக்குப் போகும்போது வெப்பநிலை, கெல்வின் கணக்கில், நான்கில் ஒரு பங்கு குறைகிறது. ஒலியின் வேகம் 13 சதவீதம்தான் குறைகிறது.

உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடுகிறது. அதனால்தானே ஒலி மெதுவாகிறது?

இதுதான் நான் அதிகம் கேட்ட தவறு. பாடம் நடத்துபவர்களிடமே கேட்டிருக்கிறேன். காற்று மெலிவதற்கும் ஒலிவேகம் குறைவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் அளவு. உயரே போனால் அழுத்தம் குறைகிறது, அடர்த்தியும் குறைகிறது. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் வகுத்து வரும் விடை மாறாது, ஒலியும் மாறாது.

11 கி.மீ. உயரத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 22 சதவீதம். அடர்த்தி 30 சதவீதம். அழுத்தம் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருக்கிறது பாருங்கள், அந்தக் கூடுதல் குறைவு முழுவதும் குளிரால் வந்தது. இன்னும் தெளிவான சான்று வேண்டுமானால் அதற்கு மேலே போக வேண்டும். விமானத் துறை பயன்படுத்தும் நியம வளிமண்டலக் கணக்கில் 11 கி.மீ. முதல் 20 கி.மீ. வரை வெப்பநிலை மைனஸ் 56.5 இலேயே நிற்கிறது. அந்த 9 கி.மீ.க்குள் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. ஒலியின் வேகமோ 1,062 இலிருந்து அசைவதில்லை.

சரி, கணக்கை எப்படிப் போடுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சூத்திரம் போதும்:

```
வேகம் (கி.மீ./மணி) = மாக் × 72.17 × √(°C + 273.15)
```

72.17 என்பது காற்றின் இயல்புகளை எல்லாம் சேர்த்துச் சுருக்கிய மாறிலி. நாட் கணக்கில் வேண்டுபவர்கள் அதற்குப் பதிலாக 38.97 போட்டுக்கொள்ளலாம். உலர்ந்த காற்றுக்கான மாறிலி இது. தரைக்கு அருகே ஈரப்பதம் ஒலியைச் சற்றே வேகப்படுத்தும். புழுக்கமான நாளிலும் அந்த மாற்றம் ஒரு சதவீதத்துக்குக் குறைவுதான். விமானம் பறக்கும் உயரத்தில் ஈரப்பதம் இல்லை என்றே சொல்லலாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். விமானம் மாக் 0.85 இல் போகிறது, வெளியே மைனஸ் 54 டிகிரி. முதலில் 273.15 இலிருந்து 54 ஐக் கழித்தால் 219.15 கெல்வின். அதன் வர்க்கமூலம் 14.80. அதை 72.17 ஆல் பெருக்கினால் 1,068. இது அங்கே ஒலி போகும் வேகம். அதை 0.85 ஆல் பெருக்கினால் 908. காற்றுக்குச் சார்பாக விமானத்தின் வேகம் மணிக்கு 908 கி.மீ.

கால்குலேட்டர் இல்லாதபோது நான் மனத்தில் வைத்திருப்பது இது: மைனஸ் 56.5 இல் 1,062. அதற்கு அருகே ஒவ்வொரு டிகிரிக்கும் ஒலிவேகம் சுமார் 2.4 கி.மீ. ஏறும் அல்லது இறங்கும். மைனஸ் 54 என்றால் இரண்டரை டிகிரி சூடு, ஆகவே 6 ஐக் கூட்டினால் 1,068. தேர்வுக்குப் போகிறவர்கள் கையில் இருக்கும் வட்டக் கணிப்பானும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிறு சன்னலில் தெரியும் மாக் குறியை வெளி வெப்பநிலைக்கு நேரே திருப்பி வைத்தால், உள்வட்டத்தில் மாக் எண்ணுக்கு எதிரே வெளிவட்டத்தில் வேகம் நாட் கணக்கில் நிற்கும். அந்தத் தட்டில் செல்சியஸ் எண்கள் சம இடைவெளியில் இல்லாததை உற்றுப் பாருங்கள். வர்க்கமூலம் அந்த இடைவெளிகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

மைனஸ் 54 ஐப் போட்டால் கால்குலேட்டர் பிழை என்கிறது.

273.15 ஐக் கூட்ட மறந்துவிட்டீர்கள். குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க முடியாது என்று கால்குலேட்டர் நிறுத்தியது உங்கள் நல்ல காலம். தரையருகே 30 டிகிரிக்கு இதே தவறைச் செய்தால் அது நிற்காது; ஒலியின் வேகம் மணிக்கு 395 கி.மீ. என்று ஒரு விடையைக் கொடுத்துவிடும். ஒலிவேகம் 1,000 க்குக் கீழே வந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

எனக்கு உயரம் மட்டும்தான் தெரியும், வெப்பநிலை தெரியாது. என்ன செய்வது?

நியம வளிமண்டலத்தை வைத்து மதிப்பிடலாம். கடல்மட்டத்தில் 15 டிகிரி. அங்கிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும், 11 கி.மீ.யில் மைனஸ் 56.5 ஐத் தொட்டு நின்றுவிடும். 35,000 அடி என்பது 10.67 கி.மீ. 6.5 ஆல் பெருக்கினால் 69.3, 15 இலிருந்து கழித்தால் மைனஸ் 54.3. மாக் 0.85 க்கு 907 கி.மீ. வரும்.

ஆனால் உண்மையான வானம் இந்த நியமப்படி நடப்பதில்லை. அதிலும் நம் பகுதிக்கு இது சரியாகப் பொருந்தாது. வெப்பமண்டலத்தில், சென்னைக்கும் கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் மேலே, 35,000 அடியில் காற்று நியமத்தைவிடப் பத்து டிகிரி அளவுக்குச் சூடாக இருப்பது சாதாரணம். மைனஸ் 44 என்று வைத்துக்கொண்டால் அதே மாக் 0.85 க்கு 929 கி.மீ. கிடைக்கும். குளிர்காலத்தில் வடதுருவத்தை ஒட்டிப் பறக்கும்போது அதே உயரத்தில் மைனஸ் 70 ஐப் பார்க்கலாம். அங்கே 874 தான். ஒரே விமானம், ஒரே உயரம், மானியில் ஒரே மாக் எண். வித்தியாசம் 55 கி.மீ.

இன்னொன்றும் இருக்கிறது. நியமம் 11 கி.மீ.யில் குளிரை நிறுத்திவிடுகிறது. நம் தலைக்கு மேலே அது 16, 17 கி.மீ. வரை தொடர்ந்து, மைனஸ் 75, 80 டிகிரி வரை போகிறது. ஆகவே 35,000 அடியில் நியமத்தைவிடச் சூடாக இருக்கும் நம் வானம், 55,000 அடியில் நியமத்தைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கடைசிக் கேள்வியில் இது தேவைப்படும்.

சக் யேகர் மணிக்கு 1,127 கி.மீ.யில் பறந்து ஒலியை மிஞ்சினார் என்கிறார்கள். ஒலியின் வேகம் 1,225 அல்லவா? அவர் மிஞ்சவே இல்லையே?

கேட்டவர் பத்தாம் வகுப்பு மாணவி. மிக நல்ல கேள்வி. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியாப் பாலைவனத்துக்கு மேலே, பெல் எக்ஸ்-1 என்ற ராக்கெட் விமானத்தை யேகர் ஓட்டினார். ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றிலிருந்து அதை நடுவானில் கழற்றிவிட்டார்கள். சுமார் 43,000 அடியில் மட்டமாகப் பறந்து அவர் எட்டிய வேகம் மாக் 1.06, மணிக்கு 700 மைல், அதாவது 1,127 கி.மீ.

43,000 அடி என்பது 13.1 கி.மீ. நியமக் கணக்கில் அங்கே மைனஸ் 56.5 டிகிரி, ஒலியின் வேகம் 1,062. அதை 1.06 ஆல் பெருக்கினால் 1,126. வரலாற்றில் பதிவான எண்ணோடு ஒரு கிலோமீட்டர்தான் விலகல். மாணவி 1,127 ஐ 1,225 ஆல் வகுத்தார், மாக் 0.92 வந்தது, யேகர் தோற்றுவிட்டதாகத் தோன்றியது. கடல்மட்டத்தில் அதே 1,127 கி.மீ.யில் பறந்திருந்தால் உண்மையிலேயே மாக் 0.92 தான், ஒலியை மிஞ்சியிருக்க மாட்டார்.

அவ்வளவு உயரத்துக்குப் போனதில் காரணம் இருந்தது. அங்கே மெலிந்த காற்றில் விமானத்தைத் தாக்கும் அழுத்தம் குறைவு, அதனால் எதிர்ப்பும் குறைவு. கூடவே, தாண்ட வேண்டிய வேகமே 163 கி.மீ. தாழ்ந்திருந்தது.

கி.மீ.யும் மாக்கும் இரண்டுமே தெரிந்தால் வெப்பநிலையைக் கண்டுபிடிக்கலாமா?

கண்டுபிடிக்கலாம். செய்தியில் வந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சோதிக்க அதுதான் வழி. வேகத்தை மாக்கால் வகுங்கள், வந்ததை 72.17 ஆல் வகுங்கள், வர்க்கப்படுத்துங்கள், 273.15 ஐக் கழியுங்கள்.

யேகர் பறந்து சரியாக 65 ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 14 அன்று, ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் நியூ மெக்சிகோவுக்கு மேலே சுமார் 39 கி.மீ. உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். அவர் விழுந்த உச்ச வேகம் 1,357.6 கி.மீ., மாக் 1.25 என்று பதிவாகியிருக்கிறது. 1,357.6 ஐ 1.25 ஆல் வகுத்தால் 1,086. அதை 72.17 ஆல் வகுத்தால் 15.05, வர்க்கம் 226.5, கழித்தால் மைனஸ் 47 டிகிரி. 20 கி.மீ.க்கு மேலே ஓசோன் அடுக்கில் காற்று மறுபடியும் சூடேறத் தொடங்குகிறது. 30 கி.மீ.க்குச் சற்றுக் கீழே மைனஸ் 47 என்பது நம்பத்தக்க எண். விடை பிளஸ் 20, மைனஸ் 110 என்று வந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. பெரும்பாலும் யாரோ 1,235 ஆல் பெருக்கியிருப்பார்கள்.

இருக்கைக்கு முன்னால் இருக்கும் திரையில் 1,110 கி.மீ. காட்டியது. வெளியே மைனஸ் 54. அப்படியானால் நாங்கள் ஒலியை மிஞ்சிவிட்டோமா?

மிஞ்சவில்லை. திரை காட்டுவது தரைக்குச் சார்பான வேகம். மாக் எண்ணுக்குத் தேவை காற்றுக்குச் சார்பான வேகம். ஆற்றோடு போகும் படகைக் கரையில் நிற்பவர் வேகமாகப் பார்க்கிறார். படகில் இருப்பவருக்குத் தண்ணீரில் அதன் வேகம் வழக்கம்போல்தான். உங்கள் விமானம் காற்றில் 908 கி.மீ. போயிருக்கும், பின்னாலிருந்து 200 கி.மீ. வேகத்தில் ஜெட் காற்று தள்ளியிருக்கும். மாக் 0.85 தான்.

2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 787, பென்சில்வேனியாவுக்கு மேலே தரைவேகம் மணிக்கு 801 மைல், அதாவது 1,289 கி.மீ. தொட்டது. அன்று அந்த உயரத்தில் காற்று மணிக்கு 200 மைலுக்கு மேல் வீசிக்கொண்டிருந்தது. ஒலிவேகத்தைத் தாண்டியது என்று சிலர் எழுதிவிட்டார்கள். அந்த விமானத்தைச் சுற்றியிருந்த காற்றும் அதனோடு சேர்ந்து ஓடியது, ஒலி அந்தக் காற்றுக்குள் ஓடுகிறது. ஆகவே எதுவும் உடையவில்லை. திரையிலிருந்து மாக் எண் வேண்டுமென்றால் பின்காற்றைக் கழித்தோ எதிர்காற்றைக் கூட்டியோதான் தொடங்க வேண்டும்.

விமானி அறையில் இருக்கும் மாக் மானிக்கு வெளி வெப்பநிலை எப்படித் தெரிகிறது?

அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். மாணவர்கள் இதை நம்ப நேரமாகும். மானி இரண்டே அழுத்தங்களைப் பார்க்கிறது. ஒன்று, சுற்றியுள்ள காற்றின் அமைதியான அழுத்தம். மற்றொன்று, முன்னோக்கி நீட்டிய பிட்டாட் குழாயில் காற்று மோதி நிற்பதால் அதற்கு மேல் கூடும் அழுத்தம். கூடிய அழுத்தம் அமைதியான அழுத்தத்தில் 60 சதவீதமாக இருந்தால் மாக் 0.85. வெளியே மைனஸ் 44 ஆனாலும் மைனஸ் 70 ஆனாலும் அதே 60 சதவீதம்தான். மோதும் அழுத்தம் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஒலிவேகமோ, நான்காவது பதிலில் சொன்னபடி, அழுத்தத்தையும் அடர்த்தியையும் பொறுத்தது. ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது வெப்பநிலை அடிபட்டுப் போகிறது. கி.மீ. வேண்டும் என்று கேட்டால்தான் வெப்பநிலை உள்ளே வருகிறது.

விமானிகள் உயரத்தில் மாக்கைப் பிடித்துக்கொண்டு பறப்பதற்கும் இதுவே அடிப்படை. இறக்கையின் மேல்வளைவில் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுகிறது. விமானம் ஒலியை எட்டும் முன்பே அங்கே ஓடும் காற்று எட்டிவிடும். அப்போது அதிர்வலை எழும், எதிர்ப்பு சட்டென்று ஏறும், இறக்கை நடுங்கத் தொடங்கும். அது எப்போது நடக்கும் என்பதை மாக் எண் தீர்மானிக்கிறது, கி.மீ. அன்று. மாக் 0.84 இல் ஏறிக்கொண்டிருக்கும் விமானம் 9 கி.மீ. உயரத்தில் 919 கி.மீ. போனால் 11 கி.மீ.யில் 892 தான் போகும். மானியின் முள் அசையவே இல்லை. காற்று குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கருவியில் காட்டிய வெப்பநிலையைத்தான் போட்டேன். ஆனாலும் விடை 60 கி.மீ. அதிகமாக வருகிறது. ஏன்?

நீங்கள் படித்தது TAT ஆக இருக்கும். விமானி அறைத் திரையில் இரண்டு வெப்பநிலைகள் வரும்: TAT, SAT. உணர்கருவியின் மேல் காற்று மோதி நிற்கும்போது நெருக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டோடு சேர்ந்தது TAT. அந்தச் சூட்டைக் கழித்த பிறகு கிடைக்கும், வெளியே உண்மையில் இருக்கும் வெப்பநிலை SAT. நம் சூத்திரத்துக்கு வேண்டியது SAT மட்டும்.

சூடேறும் அளவையும் மாக் எண்ணே சொல்லிவிடும், கெல்வினில்:

```
TAT = SAT × (1 + 0.2 × மாக்²)
```

மாக் 0.85 க்கு அடைப்புக்குறிக்குள் 1.1445 வருகிறது. 219.15 ஐ அதனால் பெருக்கினால் 250.8 கெல்வின், அதாவது மைனஸ் 22. உண்மையில் மைனஸ் 54. என் மாணவர் ஒருவர் பயிற்சித் தாளில் மைனஸ் 22 ஐ அப்படியே போட்டார். ஒலிவேகம் 1,144, விமானத்தின் வேகம் 972 என்று வந்தது. 908 ஐவிட 64 அதிகம். ஐந்து மணி நேரப் பயணத்தில் அது 300 கி.மீ.க்கு மேல் பிசகும். 35,000 அடியில் மைனஸ் 22 என்றதுமே சந்தேகம் வர வேண்டும். அந்த உயரத்தில் பூமியில் எங்கும் அவ்வளவு சூடான காற்று இருக்காது. TAT மட்டும் கையில் இருந்தால் அதைக் கெல்வினுக்கு மாற்றி, மாக் 0.85 க்கு 1.1445 ஆல் வகுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

அப்படியானால் வானம் சூடாக இருந்தால் கான்கார்ட் இன்னும் வேகமாகப் போயிருக்குமே?

ஒலியை மிஞ்சிப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட், மாக் எண் மாறாமல் இருந்தால் அப்படிப் போயிருக்கும். மைனஸ் 56.5 இல் மாக் 2 என்பது 2,124 கி.மீ.; ஐந்து டிகிரி சூடான காற்றில் 2,149. ஆனால் முந்தைய பதிலில் பார்த்த மோதல் சூடு மாக் 2 இல் மிகப் பெரிது, அடைப்புக்குறிக்குள் 1.8 வருகிறது. 216.65 கெல்வின் காற்று மூக்கு நுனியில் 390 கெல்வின், அதாவது 117 டிகிரி செல்சியஸ் ஆகிறது. கான்கார்டின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. அதன் ஆயுள் கெடாமல் இருக்க மூக்கின் வெப்பநிலைக்கு 127 டிகிரி என்று வரம்பு வைத்திருந்தார்கள். மாக் எண்ணுக்குத் தனியாக 2.04 என்று ஒரு வரம்பு.

இனி வெளியே மைனஸ் 46.5, அதாவது நியமத்தைவிடப் பத்து டிகிரி சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாக் 2 இல் போனால் மூக்கு 135 டிகிரியைத் தொடும், வரம்பு தாண்டிவிடும். 127 க்குள் நிறுத்த வேண்டுமானால் மாக் 1.956 க்கு இறங்க வேண்டும். அங்கே ஒலிவேகம் 1,086. பெருக்கினால் 2,125 கி.மீ. குளிர்ந்த நாளில் மாக் 2 இல் கிடைத்த வேகம்தான் அது. சூட்டால் ஒலிவேகம் கொடுத்ததை, உலோகத்தின் வரம்பு திரும்ப வாங்கிக்கொண்டது.

குளிரும் வேகத்தைக் கூட்டாது. லண்டனிலிருந்து பார்படோஸை நோக்கித் தெற்கே இறங்கும்போது, உயரம் பற்றிய பதிலில் சொன்ன வெப்பமண்டலக் குளிர் வந்துவிடும். மைனஸ் 75 இல் மூக்கு நன்றாகவே குளிர்ந்திருக்கும். 127 க்கு அருகில்கூடப் போகாது. ஆனால் மாக் 2.04 வரம்பு விடாது. அந்தக் காற்றில் ஒலிவேகம் 1,016 தான்; மாக் 2.04 ஐ முழுதாக எட்டினாலும் 2,073 கி.மீ.தான் கிடைக்கும். இரண்டு வரம்புகளும் ஒரே நேரத்தில் தொடும் காற்று மைனஸ் 55 டிகிரிக்கு அருகே இருக்கிறது. அங்கேதான் கான்கார்டுக்கு மணிக்கு 2,170 கி.மீ.க்கு மேல் முடிந்தது.